படுக்கைய நனைக்கிற பிள்ளைக்கு அலாரமா, மாத்திரையா, இல்ல கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?

ஸ்கூல் போற வயசுல இன்னும் ராத்திரி படுக்கையில ஒண்ணுக்குப் போற பிள்ளைங்களோட அம்மா அப்பா கிட்ட பேசினா பெரும்பாலும் ஒரே இடத்துல தான் மாட்டிட்டு நிப்பாங்க. ஒரு டாக்டர் ஈரம் பட்டா அடிக்கிற அலாரம் வாங்குங்கன்னு சொல்லியிருப்பார், இன்னொருத்தர் மாத்திரை எழுதிக் குடுத்திருப்பார், பாட்டி எள்ளுருண்டை குடு போதும்னு சொல்லுவாங்க, சித்தப்பா "நானும் பத்து வயசு வரைக்கும் இப்படித்தான், தானா நின்னுச்சு"ன்னு சிரிப்பார். இதுல சித்தப்பா சொல்றது பாதி உண்மை, அத கடைசில பாக்கலாம்.

என்னைக் கேட்டா அலாரமா மாத்திரையாங்கிறது ரெண்டாவது கேள்வி தான். முதல் கேள்வி, உங்க பிள்ளைக்கு ராத்திரி யூரின் அதிகமா ஊறுதா, இல்ல யூரின் பை சின்னதா இருந்து தாங்க மாட்டேங்குதா? இதுக்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம், வீட்ல ஒரு அளவு கப்பும் கிச்சன் தராசும் இருந்தா ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். இதப் பண்ணாம நேரா சிகிச்சைக்குப் போறதால தான் "எல்லாம் பண்ணிப் பாத்துட்டோம், ஒண்ணும் கேக்கல"ன்னு நிறைய பேர் சொல்றாங்க.

எத வெச்சு முடிவு பண்ணனும்

நான் பாக்குற விஷயங்கள் இவ்வளவு தான்: அளந்த கணக்கு என்ன சொல்லுது, பலன் எவ்வளவு சீக்கிரம் வேணும், நிறுத்தினதுக்கு அப்புறமும் அது நிக்குமா, ராத்திரி எந்திரிக்கப் போறது யாரு, ஆபத்து எங்க இருக்கு. காசு கடைசில வரும், ஏன்னா மொதல்ல விலை கம்மியா தெரியறது பல சமயம் வருஷக் கணக்குல பாத்தா கம்மி இல்ல.

5 வயசுக்கு முன்னாடி இத யாரும் நோயா எடுத்துக்கறதில்ல. 5 வயசுல நூத்துக்குப் பதினஞ்சு பிள்ளைங்க வரைக்கும் நனைப்பாங்க, 10 வயசுல சுமார் 5 பேர். அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு சின்ன வயசுல இருந்திருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, ரெண்டு பேருக்கும் இருந்திருந்தா நாலுல மூணு. அதனால திட்டறதுக்கு முன்னாடி உங்க அம்மா கிட்டயும் மாமியார் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பிள்ளை வேணும்னு பண்றதில்ல, சோம்பேறித்தனமும் இல்ல. சூடு வெச்சிடுவேன்னு மிரட்டறது, நனைஞ்ச பாயோட வாசல்ல நிக்க வைக்கிறது இதெல்லாம் எதையும் நிறுத்தாது, பயத்த தான் கூட்டும்.

மொதல்ல டாக்டர் என்ன பாப்பார்

பகல்ல எந்தப் பிரச்சனையும் இல்லாம, பிறந்ததுலேந்து ராத்திரி மட்டும் நனைக்கிற பிள்ளைக்கு பெரும்பாலும் வேண்டியது கேள்விகளும், உடம்ப ஒரு தடவை நல்லா பாக்கறதும், ஒரு சாதாரண யூரின் டெஸ்டும் தான். அந்த யூரின் டெஸ்ட்ல சக்கரை, புரதம், இன்ஃபெக்ஷன் மூணையும் பாத்துடுவாங்க. ஸ்கேன், ரத்த டெஸ்ட்னு பெரிய லிஸ்ட் குடுத்தா எதுக்குன்னு தாராளமா கேளுங்க, காரணம் இருந்தா சொல்லுவாங்க.

காரணம் இருக்கிற சமயங்களும் உண்டு. ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை திடீர்னு மறுபடி ஆரம்பிச்சா அது வேற கதை. அதோட தண்ணி தண்ணின்னு கேட்டு, எடையும் குறைஞ்சா அன்னிக்கே சக்கரை பாக்கணும், நாளைக்குப் பாக்கலாம்னு விடற விஷயம் இல்ல. பகல்லயும் ஜட்டி ஈரமாகறது, முக்கி முக்கிப் போறது, எப்பவும் சொட்டிட்டே இருக்கறது, எரிச்சல், நடையில மாற்றம், முதுகுத்தண்டு கீழ்ப்பக்கம் குழி இல்ல முடிக்கத்தை, இதெல்லாம் இருந்தா அலாரம் மாத்திரை பேச்சையே ஒத்தி வெச்சுட்டு முதல்ல அதப் பாக்கணும். தினமும் சத்தமா குறட்டை விட்டு வாயால மூச்சு விடற பிள்ளையா இருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க. டான்சில், அடினாய்டு வீங்கி தூக்கத்துல மூச்சு தடைபடறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு, அத சரி பண்ணதுக்கு அப்புறம் நனைக்கறது நின்ன பிள்ளைங்க இருக்காங்க.

எல்லாரும் தவற விடறது மலச்சிக்கல். அடைச்சுக் கிடக்கிற மலக்குடல் யூரின் பைய அமுக்கும், அதனால பை பாதி நிறையறதுக்குள்ளயே சுருங்கிடும். "டெய்லி போறான்"னு அம்மா சொல்லுவாங்க, ஆனா கெட்டியா உருண்டை உருண்டையா போறானா, டாய்லெட்டே அடைக்கிற மாதிரி போறானா, ஜட்டில கறை இருக்கான்னு கேட்டா தான் உண்மை வெளிய வரும். இத மொதல்ல சரி பண்ணனும், சில பிள்ளைங்களுக்கு இதோடவே ஈர ராத்திரிகள் கணிசமா குறைஞ்சிடும்.

ரெண்டு பிள்ளைங்க, ஒரே வயசு, வேற வேற கணக்கு

வீட்ல எப்படி அளக்கறதுன்னு ஒரு உதாரணம். ரெண்டு பேருக்கும் 8 வயசுன்னு வெச்சுக்குவோம், ஒரு பையன், ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் வாரத்துல 5 ராத்திரி நனைக்கறாங்க.

வயசுக்கு ஏத்த பையோட அளவு தெரியணும்னா வயசோட 1 கூட்டி 30-ஆல பெருக்கணும். 8 வயசுக்கு 9 பெருக்கல் 30, அதாவது 270 மில்லி. சனி ஞாயிறு ரெண்டு நாளும் பகல்ல ஒவ்வொரு தடவை போகும்போதும் கப்புல பிடிச்சு எழுதுங்க, காலைல எந்திரிச்சதும் போற முதல் யூரின இந்தக் கணக்குல சேக்காதீங்க. ராத்திரிக்கு டயப்பர் போட்டு, காய்ஞ்ச டயப்பர் எடையையும் காலைல ஈர டயப்பர் எடையையும் கழிச்சா வர கிராம் தான் மில்லி, அதோட காலைல முதல் யூரின கூட்டுங்க. நனைக்காத ராத்திரிக்கு காலை யூரின் மட்டும் தான் கணக்கு. இப்படி ஏழு ராத்திரி. பெரிய பையனுக்கு டயப்பர்னா வெக்கப்படுவான், கணக்கு எடுக்கறதுக்கு மட்டும் தான், ஒரு வாரம் தான்னு அவன்கிட்ட சொல்லிட்டே போடுங்க.

பையனுக்கு பகல்ல ஒரு தடவைல போன அதிகபட்சம் 150 மில்லி. இருக்க வேண்டிய 270-ல 65 சதவீதம்னா சுமார் 175, அதுக்கும் கீழ. டயப்பர் 60 கிராம், காலைல 250, அதாவது 190 மில்லி, காலை யூரின் 110, மொத்தம் 300. ராத்திரி யூரின் அதிகம்னு சொல்ற எல்லை 270-ல 130 சதவீதம், 351. அதுக்குக் கீழ தான் இருக்கு. அப்போ இவனுக்கு ஊறறது அதிகம் இல்ல, பை தான் சின்னதா வேலை செய்யுது.

பொண்ணுக்கு பகல்ல அதிகபட்சம் 260, பையில குறையில்ல. ஆனா ராத்திரி டயப்பர்ல 290, காலைல 150, மொத்தம் 440. எல்லைய தாண்டிடுச்சு. வெளிய ஒரே மாதிரி நனைஞ்ச மெத்தை, உள்ள பாத்தா வேற வேற காரணம்.

பொண்ணு எப்போ என்ன குடிக்கறான்னும் எழுதிப் பாத்தா இன்னொண்ணும் தெரியும். ஸ்கூல் டாய்லெட் நாறுதுன்னு காலைலேந்து தண்ணியே குடிக்கறதில்ல, வாட்டர் பாட்டில் அப்படியே திரும்பி வருது, சாயங்காலம் வந்து தாகத்துக்கு குடிக்க ஆரம்பிச்சு, டியூஷன் முடிஞ்சு, ராத்திரி ஒம்பதரைக்கு ரசம் சாதம் மோர் சாதம், படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால். ரசமும் மோரும் தண்ணி கணக்கு தான்னு நம்ம வீடுகள்ல யாருக்கும் தோணறதே இல்ல. ஒரு நாள் தண்ணிய பிரிச்சா மத்தியானத்துக்குள்ள 40 சதவீதம், சாயங்காலம் 5 மணி வரைக்கும் இன்னொரு 40, அப்புறம் 20, இதான் இலக்கு. மொத்தத்த குறைக்கக் கூடாது, குறைச்சா பை இன்னும் சின்னதா தான் வேலை செய்யும். பாலை சாயங்காலத்துக்கு மாத்தி, டீ காபி கோலாவ நிறுத்தி, பகல்ல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வெச்சு, படுக்கப் போகும் முன்ன ஒரு தடவை போக வெச்சு ஒரு மாசம் பாருங்க. இது மட்டுமே எல்லாருக்கும் தீர்வாகாது, ஆனா இது இல்லாம அலாரமும் மாத்திரையும் பாதி பலத்துல தான் வேலை செய்யும்.

வழி 1: அலாரம்

ஜட்டில மாட்ற ஒரு சென்சார், சட்டையில குத்தற ஒரு சின்ன மணி, இல்லன்னா பெட்ஷீட்டுக்கு கீழ விரிக்கிற சென்சார் பாய். முதல் சொட்டு பட்டதும் கத்தும். யோசனை புதுசு இல்ல, 1938-லயே மௌரர் தம்பதி அமெரிக்காவுல இத சிகிச்சையா எழுதிட்டாங்க. பிள்ளைய ஒவ்வொரு ராத்திரியும் எழுப்பறது இதோட நோக்கம் இல்ல, பை நிறையறதையும் அடக்கறதையும் மூளைக்குப் பழக்கறது தான். அதனால தான் வெற்றி ஆன பிள்ளைங்கள்ல நிறைய பேர் கடைசில எந்திரிக்காமலே காலை வரைக்கும் தூங்கிடுவாங்க.

சரியா பண்ணா மூணுல ரெண்டு பிள்ளைக்கு கேக்கும், அதுல பெரும்பாலானவங்களுக்கு நிறுத்தின பிறகும் நிக்கும், இது தான் இதோட பெரிய பலம். பிரச்சனை முதல் ரெண்டு மூணு வாரம். மணி அடிச்சா வீட்ல எல்லாரும் எந்திரிப்பாங்க, பக்கத்து ரூம் தாத்தா உட்பட, பிள்ளை மட்டும் எந்திரிக்காது. அப்போ பெரியவங்க யாராவது போய் நல்லா எழுப்பி, கண்ணு தெறந்து பேச வெச்சு, டாய்லெட் கூட்டிட்டுப் போய் மிச்சத்த போக வெச்சு, ஜட்டி மாத்தி, அலாரம் மறுபடி மாட்டிட்டு படுக்கணும். தூக்கக் கலக்கத்துல தூக்கிட்டுப் போய் நிக்க வெச்சா ஒரு பயனும் இல்ல. நைட் ஷிஃப்ட் போற அப்பா, கைக்குழந்தையோட அம்மா, ஒரே ரூம்ல ஆறு பேர், நாளைக்கு பப்ளிக் எக்ஸாம் எழுதற அண்ணன், இப்படி இருக்கிற வீட்ல நாள் பாத்து தான் ஆரம்பிக்கணும். பெரிய லீவ் நல்ல நேரம்.

கேக்குதான்னு எப்படித் தெரியும்? நனையாத ராத்திரி வர்றதுக்கு முன்னாடியே அறிகுறி வந்துடும்: ஈரத்திட்டு சின்னதாகும், மணி அடிக்கிற நேரம் ஒரு மணிலேந்து மூணு மணிக்கு தள்ளிப் போகும், பிள்ளை தானா எந்திரிக்க ஆரம்பிக்கும். நாலு வாரத்துல இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா தொடருங்க, மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். தொடர்ந்து 14 ராத்திரி காய்ஞ்சிருந்தா முடிஞ்சதுன்னு கணக்கு. ஆறு எட்டு வாரம் போயும் துளி மாற்றம் இல்லன்னா எடுத்து வெச்சுட்டு டாக்டர் கிட்ட திரும்பப் போங்க, சில மாசம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணலாம்.

மறைஞ்ச செலவு: பேட்டரி, சென்சார் ஒயர் அறுந்து போறது, வேர்வைக்கே கத்தற சென்சார். ஏப்ரல் மே மாசத்துல ஃபேன் மட்டும் இருக்கிற வீட்ல இது நிஜமான தொல்லை, ஜட்டிக்கு வெளிப்பக்கமா மாட்டி மேல இன்னொரு ஜட்டி போட்டா குறையும். எல்லாத்துக்கும் மேல அம்மா அப்பாவோட தூக்கம், அதுக்கு பில் வராது. நனைச்சதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு பிள்ளை மேல எரிஞ்சு விழற நிலைமைக்குப் போயிட்டீங்கன்னா அலாரத்த நிறுத்தறது தோல்வி இல்ல, அது தான் சரி.

வழி 2: டெஸ்மோப்ரெசின் மாத்திரை

ராத்திரி யூரின் ஊறறத குறைக்க உடம்புல வாசோப்ரெசின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், சில பிள்ளைங்களுக்கு அது ராத்திரி போதுமான அளவுக்கு ஏறறதில்ல. டெஸ்மோப்ரெசின் அதோட செயற்கை வடிவம். மாத்திரைன்னா வழக்கமா 0.2 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டு வாரத்துல பத்தலன்னா டாக்டர் 0.4-க்கு ஏத்துவார், படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். பதினோரு மணிக்கு தூங்கற பிள்ளைக்கு எட்டு மணிக்கே போட்டுட்டு கேக்கலன்னு சொல்றவங்க உண்டு. நம்ம பொண்ணு மாதிரி ராத்திரி யூரின் அதிகமா, பை நல்லா இருக்கிறவங்களுக்கு இது பளிச்சுனு கேக்கும், பையன் மாதிரி சின்னப் பைக்கு அவ்வளவா கேக்காது. மொத்தத்துல சுமார் மூணுல ஒருத்தருக்கு முழுசா நிக்கும், இன்னும் கொஞ்சம் பேருக்கு பாதி குறையும்.

பலம் வேகம். ஒரு வாரம் பத்து நாள்ல தெரிஞ்சிடும், ராத்திரி யாரும் எந்திரிக்க வேண்டாம். பலவீனம், நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குத் திரும்ப வந்துடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் நிறுத்திப் பாக்கச் சொல்லுவாங்க, தானா சரியாகியிருந்தா அப்போ தெரியும். மொத்தமா நிறுத்தும்போது திடீர்னு நிறுத்தாம டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைச்சா திரும்ப வர்றது கொஞ்சம் கம்மி. மூணு மாசத்துக்கு காசு கணக்கு போடணும்னா ஒரு மாத்திரை விலைய 90-ஆல பெருக்குங்க, 0.4-ன்னா இன்னும் இரட்டிப்பு, அப்புறம் அலாரம் விலையோட வெச்சுப் பாருங்க.

இப்போ ஆபத்து. இந்த மாத்திரை யூரின குறைக்குது, அதே நேரத்துல பிள்ளை தண்ணிய குடிச்சிட்டே இருந்தா உள்ள தண்ணி தேங்கி ரத்தத்துல சோடியம் இறங்கிடும். தலைவலி, குமட்டல், வாந்தி, மந்தமா குழம்பறது, முத்திட்டா வலிப்பு. அதனால மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாடிலேந்து, போட்டதுக்கு அப்புறம் எட்டு மணி நேரம் வரைக்கும் தாகத்துக்கு ரெண்டு மடக்கு தவிர எதுவும் கூடாது. காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கிற அன்னிக்கு மாத்திரை கிடையாது, ஏன்னா அன்னிக்கு தண்ணி குடிச்சே ஆகணும். கல்யாண வீட்ல ராத்திரி பத்து மணிக்கு ஜூஸ் குடிச்சிட்டானா அன்னிக்கும் விட்டுடுங்க, ஒரு ராத்திரி நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. இதே மருந்தோட மூக்கு ஸ்ப்ரேய பெட்வெட்டிங்குக்கு குடுக்கக் கூடாதுன்னு அமெரிக்காவுல 2007-லயே எச்சரிச்சுட்டாங்க, சோடியம் இறங்கி வலிப்பு வந்த கேஸ்கள் தான் காரணம். வீட்ல யாருக்காவது வேற நோய்க்கு வாங்கின ஸ்ப்ரே இருந்தா அத எடுத்து அடிக்காதீங்க.

வழி 3: இமிப்ரமின், ஆக்ஸிபியூட்டினின்

இமிப்ரமின் பழைய மன அழுத்த மருந்து, விலை குறைவு, அதனால சில சீட்டுல இன்னும் வரும். சாப்பிடற வரைக்கும் கேக்கும், நிறுத்தினா பெரும்பாலும் திரும்பும். அளவு தாண்டினா இதயத்த நேரா பாதிக்கும், வீட்ல இருக்கிற மூணு வயசு தம்பி மிட்டாய்னு நினைச்சு நாலஞ்சு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. மத்ததெல்லாம் தோத்த பிறகு, குடும்பத்துல இளவயசு திடீர் மரணம் இல்ல இதயப் பிரச்சனை இருக்கான்னு கேட்டு, தேவைன்னா ஈசிஜி எடுத்து, பூட்டுப் போட்ட இடத்துல வெச்சு தர மருந்து இது. முதல் தடவையே எழுதிக் குடுத்தா ஏன்னு கேளுங்க.

ஆக்ஸிபியூட்டினின் பகல்லயும் அவசரம் அவசரமா ஓடற பிள்ளைக்கு டாக்டர் யோசிக்கிறது. ராத்திரி மட்டும் நனைக்கிறவங்களுக்கு தனியா குடுத்தா பெருசா பலன் இல்ல, மலச்சிக்கல வேற கூட்டும், நம்ம பையனுக்கு அது ஏற்கனவே இருந்தா சுத்தி வந்து அதே இடம் தான்.

வழி 4: காத்திருக்கறது

சித்தப்பா சொன்னது இங்க. ஒவ்வொரு வருஷமும் நனைக்கிறவங்கள்ல சுமார் 15 சதவீதம் பேருக்கு தானா நிக்கும். 6 வயசுப் பிள்ளை, வாரத்துக்கு ஒரு நாள், அதுக்கும் கவலை இல்ல, வீட்ல யாரும் திட்டல, அப்போ தண்ணி நேரத்த சரி பண்ணிட்டு காத்திருக்கறது நல்ல முடிவு. ஆனா தினமும் நனைக்கிற 10 வயசுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சாதகமா இல்ல, எத்தனை ராத்திரி நனைக்குதோ அந்த அளவுக்கு தானா நிக்கற வாய்ப்பு குறைவு. மறைஞ்ச செலவும் இருக்கு: ஸ்கூல் டூர் போக மாட்டேன்னு அழறது, பாட்டி வீட்டுக்குப் போகத் தயங்கறது, வீட்டு வாடை ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு யாரையும் கூப்பிடாம இருக்கறது. பிள்ளைக்கே நிக்கணும்னு ஆசை வந்துட்டா காத்திருக்கற காலம் முடிஞ்சதுன்னு தான் எடுத்துக்கணும்.

ராத்திரி பன்னெண்டு மணிக்கு தூக்கிட்டுப் போய் போக வைக்கிறத இதோட சேத்து சொல்லிடறேன். அன்னிக்கு மெத்தை காயும், துணி மிச்சம், ஆனா பிள்ளை எதையும் கத்துக்கறதில்ல. அவசரத்துக்குப் பண்ணலாம், சிகிச்சைன்னு நினைக்காதீங்க.

| பாக்க வேண்டியது | அலாரம் | டெஸ்மோப்ரெசின் | காத்திருக்கறது |
|---|---|---|---|
| பலன் தெரிய | 4 வாரம், முடிய 3 மாசம் வரை | 1-2 வாரம் | வருஷக் கணக்கு |
| நிறுத்தினா | பெரும்பாலும் நிக்கும் | பெரும்பாலும் திரும்பும் | பொருந்தாது |
| கணக்குப்படி யாருக்கு | பை சின்னது, ராத்திரி யூரின் சாதாரணம் | பை சரி, ராத்திரி யூரின் அதிகம் | சின்ன வயசு, எப்பவாவது |
| ராத்திரி வேலை | பெரியவங்க எந்திரிக்கணும் | தண்ணி கட்டுப்பாடு மட்டும் | துணி துவைக்கறது |
| ஆபத்து | தூக்கம், எரிச்சல் | தண்ணி குடிச்சா சோடியம் இறங்கும் | மனசுல வெக்கம் |

யாருக்கு எது

பையனுக்கு: மலச்சிக்கலும் இருந்தா அத முதல்ல சரி பண்ணி, லீவுல அலாரம். பொண்ணுக்கு: தண்ணி நேரத்த மாத்தி ஒரு மாசம் பாத்து, பத்தலன்னா டெஸ்மோப்ரெசின், அவளுக்கு அலாரமும் தப்பில்ல, அம்மா எந்திரிக்கத் தயாரா இருந்தா. கணக்குல ரெண்டுமே சரியா வந்தா வீட்டு நிலைமைய பாத்து எது வேணும்னாலும் தேர்ந்தெடுக்கலாம். ரெண்டுமே மோசமா இருந்தா, இல்ல அலாரத்துல பாதி வழில நின்னுட்டா, ரெண்டையும் சேத்தும் பண்ணுவாங்க.

ஸ்கூல் கேம்ப், ஹாஸ்டல், கல்யாணத்துக்கு வெளியூர்னா மாத்திரை தான். ஆனா கிளம்பற அன்னிக்கு முதல் தடவை போடாதீங்க, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வீட்ல போட்டு எந்த அளவு கேக்குதுன்னு பாத்து வைக்கணும், கூட வர டீச்சர் கிட்ட தண்ணி விஷயத்த தனியா கூப்பிட்டு சொல்லணும். நீச்சல், ராத்திரி கேம்ப்ஃபயர்னு விளையாடி தாகமா இருக்கற நாள்ல பிள்ளை தண்ணி குடிக்காம இருக்காது, அன்னிக்கு மாத்திரை வேண்டாம், பையில ஒரு பேண்ட் டயப்பர் வெச்சு விடுங்க.

அலாரத்துல 14 ராத்திரி காய்ஞ்சதும் சில டாக்டர்கள் இன்னொரு வேலை குடுப்பாங்க: அலாரத்த மாட்டிட்டே படுக்கற முன்ன கொஞ்சம் தண்ணி கூடுதலா குடுத்து, அளவ மெதுவா ஏத்தி, அதுலயும் நனையாம இருக்கான்னு பாக்கறது. நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் நனையும், பயப்படாதீங்க, இதையும் தாண்டினவங்களுக்கு திரும்ப வர்றது குறைவு. அப்படியும் சில மாசம் கழிச்சு ரெண்டு வாரத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல நனைச்சா அலாரத்த பரண்லேந்து இறக்குங்க, முதல்ல கேட்ட பிள்ளைக்கு ரெண்டாவது தடவையும் பெரும்பாலும் கேக்கும். அதனால நின்னதும் அலாரத்த வேற யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க.